செட்டிநாட்டுக் கணக்கெடுப்பு ஏன் நாள் தள்ளிப் போகிறது: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் செய்யும் ஆய்வுகளுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுப்பதும், போட்ட அட்டவணை உடைந்தபின் அதைத் தூக்கி நிறுத்துவதும் பல ஆண்டுகளாக என் வேலை. உடைந்துபோன அட்டவணையோடு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "களப்பணி இழுத்துக்கொண்டே போகிறது." இழுப்பது களப்பணியில்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் வேர் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கும். பட்டியல் எடுக்காமல் விட்டது வீட்டு வாசலில் தெரியவரும். முன்சோதனையில் செய்த தவறு களத்தில் இரண்டாம் வாரம் தலைகாட்டும். களத்தில் விட்டது தரவுப் பதிவில் வந்து நிற்கும். அதனால் அறிகுறி தெரிகிற இடத்தில் மருந்து போடாமல், ஒரு கட்டம் பின்னே போய்ப் பாருங்கள்.

இதை விளக்க ஒரே ஓர் ஆய்வை எடுத்துக்கொள்கிறேன். கோடையில் வீடுகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஊருணியை இன்னும் எத்தனை குடும்பங்கள் நம்பியிருக்கின்றன என்பதுதான் அதன் கேள்வி. 12 ஊர்கள், ஊருக்கு 30 குடும்பம், மொத்தம் 360. நான்கு கணக்கெடுப்பாளர்கள், ஒரு மேற்பார்வையாளர். மே 5 அன்று களத்தில் இறங்கி 12 நாளில் முடித்து, ஒரு வாரத்தில் தரவைக் கணினியில் ஏற்றி, ஜூன் கடைசியில் அறிக்கை கொடுப்பது திட்டம். ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேட்டி, நாலெட்டு 32, பன்னிரண்டு நாளில் 384, ஆகவே கையிருப்பாகவே கொஞ்சம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மாலை கையில் இருந்தது 214.

அறிகுறி 1: முதல் மூன்று நாள் நன்றாக ஓடியது, பிறகு நாளுக்கு நாள் குறைகிறது

உடனே ஆளைக் குறை சொல்லாதீர்கள். வெயில், சோர்வு என்றும் முடிவு கட்டாதீர்கள். முதலில் தினக்குறிப்பைக் கேளுங்கள். அதில் "முடித்தவை" என்ற ஒரே எண் மட்டும் இருந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து எண்கள் வேண்டும்: தட்டிய கதவு, முடித்த பேட்டி, பூட்டியிருந்தது, "பிறகு வாருங்கள்" என்றது, மறுத்தது.

தட்டிய கதவுகளின் எண்ணிக்கை குறையாமல் முடித்தவை மட்டும் குறைந்தால் கோளாறு வீட்டுப் பட்டியலில் இருக்கிறது. தட்டிய கதவுகளே குறைந்தால் பேட்டி நீண்டுவிட்டது, அல்லது ஊருக்குள் நடக்கும் தூரம் கூடிவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "இன்னும் இரண்டு ஆள் போடுவோம்" என்று முடிவெடுப்பதால் பணம்தான் போகும்.

நான் சொல்லும் ஆய்வில் குறிப்பை மறுபடி எழுத வைத்தோம். கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு நாள் கணக்கு இப்படி வந்தது: தட்டிய கதவு 41, முடித்தது 13, பூட்டியது 17, பிறகு வரச் சொன்னது 9, மறுத்தது 2. பதினேழு பூட்டு என்றதும் பக்கத்து வீடுகளில் விசாரிக்கச் சொன்னேன். அவற்றில் 11 வீடுகளில் யாருமே குடியில்லை. சொந்தக்காரர்கள் சென்னையில், பெங்களூரில், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து திறந்து, மறுபடி பூட்டிவிட்டுப் போகிறார்கள். மீதி ஆறில் மட்டும்தான் அன்று ஆள் வெளியே போயிருந்தார்கள். இந்தப் பதினொன்றையும் மூன்று மூன்று முறை போய்த் தட்டியிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். முப்பத்து மூன்று நடை வீண்.

காரணம், பட்டியலை வீட்டு வரிப் பதிவேட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். வரிப் பதிவேடு கட்டடத்தை எண்ணும், குடும்பத்தை எண்ணாது. வேறு ஊர்களில் இந்த வித்தியாசம் சிறியதாக இருக்கலாம். செட்டிநாட்டில் அது ஆய்வையே கவிழ்த்துவிடும். இங்கே ஒரே பெரிய வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீளும். இரண்டு வாசலுக்கும் இரண்டு கதவிலக்கம் இருந்தால் அதே வீடு பட்டியலில் இரண்டு முறை ஏறும். முகப்பு பூட்டியிருக்கும், பின்கட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக் குடியிருக்கும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அந்தக் குடும்பம் ஆய்விலிருந்தே காணாமல் போய்விடும். தண்ணீருக்கு ஊருணிக்கும் குழாயடிக்கும் நடப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

வாசல் கோலத்தைப் பார்த்து ஆள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்வதும் இங்கே ஏமாற்றும். ஆண்டுக்கணக்காகப் பூட்டிய வீட்டு வாசலிலும் பார்த்துக்கொள்ளும் அம்மாள் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நகரத்தார் குடும்பங்களில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' பழைய வழக்கம். ஒரே கூரையின்கீழ் தனித்தனி அடுப்பு. குடும்பம் என்றால் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் உண்பவர்கள் என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பே பின்பற்றும் வரையறை. அந்த வரையறைப்படி ஒரு வீட்டில் மூன்று குடும்பம் இருக்கலாம். பள்ளத்தூரில் ஓர் ஆச்சியிடம் கணக்கெடுக்கும் பெண் "வீட்டில் எத்தனை பேர் ஆச்சி?" என்று கேட்டாள். ஆச்சி, "எந்த உலையைக் கேட்கிறாய் ஆத்தா? இங்கே மூன்று உலை கொதிக்கிறது" என்றார். கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதன்பின் பட்டியல் தாளில் முதல் கேள்வியையே "இந்தக் கூரையின்கீழ் எத்தனை உலை வைக்கிறார்கள்?" என்று மாற்றினோம்.

தீர்வு, மாதிரி எடுப்பதற்கு முன் வீட்டுப் பட்டியல் எடுப்புக்கென்று நாள் ஒதுக்குவது. ஊருக்குச் சுமார் 150 வீடு என்றால் 12 ஊருக்கு 1,800. இருவர் சேர்ந்த ஒரு குழு ஒரு நாளில் 100 வாசல் பார்க்கலாம். வாசலுக்கு மூன்றே கேள்வி: எத்தனை உலை, ஒவ்வொன்றுக்கும் பெரியவர் யார், ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே இருப்பவர்களா. பூட்டிய வீட்டுக்கு அண்டை வீட்டில் கேட்டு எழுத வேண்டும். பின்கட்டு வாசலையும் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டு குழுவுக்கு ஒன்பது நாள் ஆகும். இந்த ஒன்பது நாளைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஆனால் சேர்க்காவிட்டால் அதைவிட அதிகமாகவே களத்தில் கொடுப்பீர்கள், அதுவும் கணக்கில் வராமல்.

பட்டியல் கையில் வந்தபின் ஊரில் 150 குடும்பம், வேண்டியது 30 என்றால், இடைவெளி ஐந்து. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து ஒவ்வோர் ஐந்தாவது குடும்பமாக எடுங்கள்.

களப்பணி பாதியில் இருக்கும்போது இதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது? எங்கள் நிலை அதுதான். இரண்டு நாள் களத்தை நிறுத்தினோம். போகாத ஊர்களுக்கு முதலில் பட்டியல் எடுக்கச் சொன்னோம். போன ஊர்களுக்கும் பிறகு எடுத்து, குடியில்லாத வீடுகளைத் "தகுதியில்லாதவை" என்று தனியே குறித்தோம். அவற்றை "பதில் தராதவை" கணக்கில் சேர்த்தால் பதில் விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும். ஒன்றை மட்டும் யாரையும் செய்ய விடவில்லை: பூட்டிய வீட்டுக்குப் பதிலாக அடுத்த வீட்டில் எடுப்பது. நாள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர்களே ஆய்வில் நிறைவார்கள், வேலைக்குப் போகிறவர்கள் குறைவார்கள். மாற்று வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே குலுக்கி எடுத்து வைத்த கையிருப்பு மாதிரியிலிருந்துதான் எடுக்க வேண்டும், அதுவும் மேற்பார்வையாளர் கையால்.

குடியிருந்தும் அகப்படாதவர்களுக்கு மூன்று முறை போவது வழக்கம். மூன்றையும் ஒரே நாள் காலை பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய்விட்டு "மூன்று முறை போனேன்" என்று எழுதினால் பயனில்லை. ஒன்று காலை ஏழு மணிக்கு, ஒன்று மாலை ஐந்துக்குப் பின், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பெண்கள் காலையிலேயே போய்விடுவார்கள், வேலை முடியும்வரை வர முடியாது. அந்த ஊருக்கு மாலையை ஒதுக்குங்கள். குழுவுக்கு வார விடுமுறையை ஞாயிற்றுக்கிழமை விடாமல் திங்களுக்கு மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீரும். எனக்குத் தெரிந்து செலவில்லாத தீர்வு இது ஒன்றுதான்.

அறிகுறி 2: முன்சோதனையில் 25 நிமிடம், களத்தில் 42 நிமிடம்

எங்கே, யாரிடம், யார் முன்சோதனை செய்தார்கள் என்று கேளுங்கள். இந்த ஆய்வில் கல்லூரியை ஒட்டிய தெருக்களில், படித்த இருபது பேரிடம், வினாப்பட்டியலை எழுதியவரே போய்க் கேட்டிருந்தார். தன் கேள்வியைத் தானே கேட்பவருக்கு எங்கும் தடுமாற்றம் வராது. முன்சோதனை என்பது மாதிரியில் இல்லாத ஓர் ஊரில், உண்மையில் களத்துக்குப் போகப் போகிற ஆட்களே, உண்மையில் பதில் சொல்லப் போகிற மாதிரியான குடும்பங்களிடம் செய்வது. முப்பது பேட்டி போதும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் தொடங்கிய மணி, முடிந்த மணி எழுதியிருக்க வேண்டும். மொத்த நேரம் மட்டும் தெரிந்தால் எங்கே இழுக்கிறது என்று தெரியாது.

கண்டனூர்ப் பக்கம் இரண்டாவது முன்சோதனை வைத்தபோது நேரம் போகும் இடம் உடனே தெரிந்தது. தண்ணீர் அளவு பகுதி மட்டும் 14 நிமிடம் தின்றது. "ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் எத்தனை லிட்டர்?" என்று கேட்டிருந்தார்கள். லிட்டரில் யாரும் தண்ணீரை எண்ணுவதில்லை. "நாலு குடம் எடுப்போம்" என்பார்கள். கணக்கெடுப்பவர் குடத்தைப் பார்த்து, பித்தளையா பிளாஸ்டிக்கா என்று விசாரித்து, நின்றபடியே பெருக்கி எழுதிக்கொண்டிருந்தார். ஒரே குடத்துக்கு ஒருவர் 12 என்றும் ஒருவர் 15 என்றும் போட்டிருந்தார்கள். நேரமும் போய், எண்ணும் கெட்டது.

மாற்றியது இப்படி: கேள்வி குடத்திலேயே. கையில் மூன்று அளவுக் குடங்களின் படமுள்ள அட்டை. எது உங்கள் வீட்டுக் குடம் என்று காட்டச் சொல்லி அதன் எண்ணை வட்டமிட வேண்டும். லிட்டராக மாற்றுவது கணினியின் வேலை. அதேபோல "மார்ச் மாதத்தில்" என்றிருந்த கேள்விகளைப் "பங்குனியில்" என்று மாற்றினோம். 14 நிமிடம் 6 ஆனது.

பேட்டி 34 நிமிடத்துக்கு இறங்கினாலும் அட்டவணைக்கு நான் 42-ஐத்தான் எடுத்துக்கொண்டேன். நல்ல நாளை வைத்துக் கணக்குப் போட்டால் கெட்ட நாளில் மாட்டிக்கொள்வோம். மே மாத வெயிலில் காலை ஏழு முதல் பதினொன்று, மாலை நான்கு முதல் ஏழு, ஆக ஏழு மணி நேரம்தான் வேலை நேரம், 420 நிமிடம். ஒரு பேட்டிக்கு 42, நடந்து வீட்டைக் கண்டுபிடிக்க 15, ஆளில்லாமல் திரும்பும் நடைக்கு 10, முடித்த தாளை அங்கேயே உட்கார்ந்து சரிபார்க்க 10. மொத்தம் 77 நிமிடம். 420-ஐ 77-ஆல் வகுத்தால் ஐந்தும் கொஞ்சமும். ஆகவே ஆளுக்கு நாளைக்கு ஐந்து, நால்வருக்கு இருபது. 360-க்குப் பதினெட்டு நாள். விட்டுப்போனவர்களைத் தேடிப் போக நான்கு நாள். ஆக 22 வேலை நாள். முதலில் போட்ட 12 எங்கே, இந்த 22 எங்கே! அந்த எட்டுப் பேட்டிக் கணக்கில் நடையும் இல்லை, பூட்டும் இல்லை, தாளைச் சரிபார்ப்பதும் இல்லை.

முடியும் தேதியை எக்செல்லிலேயே கணக்கிடலாம். A2-வில் தொடங்கும் தேதி, H2 முதல் H9 வரை திருவிழா, முகூர்த்த நாள்கள்:

```
=WORKDAY.INTL(A2,21,12,H2:H9)
```

12 என்ற எண் திங்களை மட்டும் விடுமுறையாக எடுக்கச் சொல்கிறது. தொடங்கும் நாளை இந்த வாய்பாடு எண்ணாது, அதனால்தான் 22-க்கு 21. இடையில் வேறு விடுமுறை இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கினால் நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை முடியும். H பத்தியை நிரப்பும்போது நாள்காட்டியை மட்டும் பார்க்காதீர்கள். அந்தந்த ஊரில் இரண்டு பேரைக் கேளுங்கள். வைகாசி வளர்பிறை முகூர்த்தத்தில் ஒரு வளவில் கல்யாணம் என்றால் தெருவே அங்கேதான் இருக்கும். தையில் ஆய்வு வைத்தால், மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு அன்று சுற்றுவட்டாரத்தில் ஆளைப் பிடிக்கவே முடியாது.

ஆறு பேரைப் போட்டால் நாளைக்கு முப்பது, பன்னிரண்டு நாளில் முடியாதா என்று கேட்பார்கள். பேட்டி முடியும். ஆனால் ஒரு மேற்பார்வையாளர் மாலையில் இருபது தாளை ஒழுங்காகப் பார்க்க முடியும், முப்பதைப் பார்க்க முடியாது. இரண்டாவது மேற்பார்வையாளர் இல்லாமல் ஆள் கூட்டினால் தவறுதான் கூடும்.

அறிகுறி 3: ஒருவர் மட்டும் மிக வேகம்

எல்லோரும் ஐந்து கொண்டுவரும்போது ஒருவர் பதினொன்று கொண்டுவந்தால் பாராட்டுவதற்கு முன் அவருடைய தாள்களைத் தனியே அடுக்குங்கள். தொடக்க மணி, முடிவு மணி ஒன்றோடொன்று மோதுகிறதா? 'தெரியாது' என்ற பதில் கூடுதலா? நீண்ட பகுதிக்குக் கொண்டுபோகும் கேள்விக்கு எப்போதும் 'இல்லை'யா? பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் தானே மறுபடி போய் மாறாத மூன்று விவரங்களை மட்டும் கேட்கட்டும்: எத்தனை பேர், எத்தனை உலை, கிணறு உண்டா. இது நாணயக் குறைவாகவே இருக்க வேண்டியதில்லை. தாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் நல்லவரையும் அது ஓட வைக்கும். நாட்கூலியாக மாற்றுங்கள்.

அறிகுறி 4: களம் முடிந்தது, தரவுப் பதிவு முடியவில்லை

"ஒரு வாரத்தில் ஏற்றிவிடலாம்" என்று எழுதியவர் ஒரு தாளையாவது தானே ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார். 14 பக்கத் தாள் ஒன்றை ஏற்றக் கால் மணி நேரம். 360 தாளுக்கு 90 மணி. தவறு பிடிக்க இருவர் தனித்தனியே ஏற்றி ஒப்பிடும் இரட்டைப் பதிவு வேண்டும், ஆக 180 மணி. கண் களைக்காமல் ஒருவர் நாளைக்கு ஆறு மணி நேரம்தான் ஏற்ற முடியும். இரண்டு பேருக்கு 15 நாள். இந்தப் பதினைந்து நாளைக் களம் முடிந்தபின் தொடங்கினால் ஜூன் போய்விடும். களத்தின் மூன்றாம் நாளே தொடங்கினால் களத்தோடு சேர்ந்தே முடியும், பின்னால் நான்கு நாள் போதும்.

நாள் மிச்சமாவதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தவறு தெரியவரும்போது குழு இன்னும் அதே ஊரில் இருக்கும். களம் முடிந்து மூன்று வாரம் கழித்து, 'கிணறு இல்லை' என்று சொன்னவருக்குக் கிணற்றாழம் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து என்ன செய்வது? கணக்கெடுத்த பெண் வேறு வேலைக்குப் போயிருப்பாள். அன்று மாலையே தெரிந்தால் மறுநாள் காலை அந்த வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம். தாண்டிப் போக வேண்டிய கேள்விகளைச் சரிபார்க்க எக்செல் தாளிலேயே இப்படி ஒரு பத்தி வையுங்கள். F-இல் ஊருணித் தண்ணீர் எடுப்பதுண்டா (1 ஆம், 2 இல்லை), G-இல் எத்தனை குடம்:

```
=IF(OR(AND(F2=2,G2<>""),AND(F2=1,G2="")),"பார்","")
```

இங்கே நாங்கள் பட்ட அடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊருணியில் எடுக்காதவர்களுக்குக் குடக் கட்டம் வெற்றாக இருந்தது. ஏற்றியவர் வெற்றிடத்தைப் பார்த்து நல்லெண்ணத்தோடு 0 அடித்துவிட்டார். ஓர் ஊரில் 30 குடும்பத்தில் 12 மட்டும் ஊருணியில் எடுக்கின்றன, ஒவ்வொன்றும் நான்கு குடம். எடுப்பவர்களின் சராசரி நான்கு. அந்தப் பதினெட்டுச் சுழியமும் சேர்ந்ததும் 48-ஐ 30-ஆல் வகுத்து 1.6 வந்துவிட்டது. மேலே உள்ள வாய்பாடு இதைப் பிடித்திருக்கும். பிடித்துத் தந்தது அது அல்ல, அந்த ஊருணிக் கரையிலேயே வளர்ந்த ஒரு மாணவி. "ஒன்றரைக் குடத்துக்கு யாரும் ஊருணிக்குப் போக மாட்டார்கள்" என்றாள். கேள்வி பொருந்தாதவர்களுக்கு 98, பதில் தெரியாதவர்களுக்கு 99 என்று தாள் அச்சாகும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த இரண்டையும் சராசரியில் சேராமல் விலக்கி வைப்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கக்கூடாது என்றாகிவிட்டால் வாய்பாட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

அறிகுறி 5: எல்லாத் தரவும் கையில், அட்டவணை மட்டும் வரவில்லை

இதற்குக் களத்தில் மருந்து கிடையாது. வினாப்பட்டியல் எழுதிய வாரத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கேள்வி எழுதுவதற்கு முன், அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண்ணில்லாமல் வெறும் கட்டமாக வரைந்திருக்க வேண்டும். மேலே என்ன, பக்கத்தில் என்ன என்று எழுதி வைத்தால், எந்தக் கட்டத்தையும் நிரப்பாத கேள்வி தானே தெரியும், எடுத்துவிடலாம். நிரப்பக் கேள்வியே இல்லாத கட்டமும் தெரியும். இந்த ஆய்வில் எட்டுக் கேள்விகளுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. 360 வீட்டில் அந்த எட்டையும் கேட்டுவிட்டார்கள்.

அறிகுறி 6: களம் ஜூனுக்குள் போய்விட்டது

இதை வெறும் தாமதம் என்று எண்ணுபவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. நாள் மாறினால் பதிலும் மாறுகிறது. "கடந்த 7 நாளில்" என்ற கேள்வி மே நடுவில் கத்திரி வெயிலைப் பற்றியது. ஜூனில் கேட்டால், இடையில் ஒரு கோடை மழை பெய்திருந்தால், அதே கேள்வி வேறு கேள்வி. மே மாதம் பள்ளி விடுமுறை, பேரன் பேத்திகள் வந்து வீட்டில் எட்டுப் பேர். பள்ளி திறந்ததும் மூன்று பேர். குடக் கணக்கு எப்படி ஒன்றாக இருக்கும்?

ஆகவே கேள்விக்கு உரிய பருவத்தை முதலில் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுங்கள். இதே ஆய்வை ஏப்ரல் 22 அன்று தொடங்குவதாகக் கொண்டால், திருவிழா நாள்களையும் சேர்த்து மே 20 வாக்கில் முடியும். அதற்கு முன் மூன்று நாள் பயிற்சி, அதற்கு முன் நான்கைந்து நாள் அச்சு, நடுவில் தமிழ்ப் புத்தாண்டு. அதற்கு முன் முன்சோதனைத் திருத்தத்துக்கு ஒரு வாரம். திருத்தமும் அச்சும் நடக்கும் அதே நாள்களில் குழு வீட்டுப் பட்டியல் எடுக்கலாம். முன்சோதனை ஏப்ரல் முதல் வாரம் மூன்று நாள். வினாப்பட்டியலுக்கும் வெற்று அட்டவணைகளுக்கும் மூன்று வாரம். ஆக மார்ச் 12-க்குள் உட்கார்ந்தாக வேண்டும். ஊராட்சித் தலைவர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் கடிதம் அந்த வாரமே போகட்டும். 12 ஊர்களையும் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாக முடிக்காமல் கலந்து போங்கள். இல்லாவிட்டால் வடக்கு ஊர்கள் எல்லாம் சித்திரையிலும் தெற்கு ஊர்கள் எல்லாம் வைகாசியிலும் விழுந்து, ஊர் வித்தியாசமா பருவ வித்தியாசமா என்று பிரிக்க முடியாமல் போகும்.

எங்கள் ஆய்வுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஜூன் 14 அன்றுதான் முடிந்தது. இடையில் ஒரு நல்ல மழையும் பெய்துவிட்டது. பேட்டி எடுத்த தேதி ஒவ்வொரு தாளிலும் இருந்ததால் தண்ணீர் அட்டவணைகள் அனைத்திலும் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு பத்தி வைத்தோம். இரண்டையும் கூட்டி மொத்தமாகப் போடும் மூன்றாவது பத்தி வேண்டும் என்று கேட்டார்கள். போட மறுத்துவிட்டேன்.